விரலை வைத்தாலே எழுத்து விழுகிறது: கை கனமானவருக்கு எத்தனை கிராம் ஸ்ப்ரிங்?

கோபி ஆவண எழுத்தர் | 6 ஜனவரி 2025, இரவு 9.10

45 கிராம் என்று அட்டையில் எழுதியிருந்த சிவப்பு லீனியர் ஸ்விட்ச் விசைப்பலகையை வாங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. நான் அழுத்தாத எழுத்துகள் பத்திரத்தில் தாமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பழைய ரப்பர் விசைப்பலகையில் பதினோரு ஆண்டுகள் இந்தத் தொல்லை இருந்ததில்லை.

நான் தட்டச்சு கற்றது இரும்பு இயந்திரத்தில். இடையில் கார்பன் தாள் வைத்து மூன்று படி எடுக்கும்போது மூன்றாம் படியிலும் எழுத்து தெளிவாக விழ வேண்டும் என்பது எங்கள் பயிற்சி நிலைய ஆசிரியரின் விதி. அந்த அடி இன்னும் கையில் இருக்கிறது. தமிழ்99 முறையில் தட்டுகிறேன். அதில் என் இடது ஆள்காட்டி விரல் ஃ மீதும், வலது ஆள்காட்டி விரல் ப மீதும் ஓய்வாக இருக்கும். வேண்டாத ஃ விழுந்தால் முந்தைய எழுத்துக்குப் புள்ளி வந்துவிடுகிறது. வேண்டாத ப விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்; ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடுவதால், "வடபுறம்" என்பது "வடப்புறம்" ஆகிறது. பார்த்தால் சரியான சொல் போலவே இருக்கிறது. சென்ற வாரம் முத்திரைத்தாளில் அச்சிட்ட பிறகுதான் கிரயம் வாங்குபவர் அதைக் கண்டுபிடித்தார். தாளின் விலை என் கையை விட்டுப் போயிற்று.

எத்தனை கிராம் ஸ்விட்ச் வாங்கினால் இது நிற்கும்?

திருப்பூர் மெர்ச்சண்டைசர் | 6 ஜனவரி, இரவு 9.48

80 கிராம் போடுங்கள், முடிந்தது. எனக்கும் இதே தொல்லை இருந்தது. பச்சை ஸ்விட்சுக்கு மாறிய அன்றே நின்றது. இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை.

பீளமேடு ஸ்ப்ரிங் | 6 ஜனவரி, இரவு 11.30

வாங்குவதற்கு முன் எந்த வகை விபத்து என்று பாருங்கள். வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, வழக்கம்போல் கைகளை வைத்துக்கொண்டு, தட்டாமல், பக்கத்தில் உள்ள பத்திரத்தை இரண்டு நிமிடம் படியுங்கள். அப்போது ஓய்வு வரிசை எழுத்துகள் மட்டும் விழுந்தால், அது விரல் பாரம். தட்டும்போது மட்டும் பக்கத்து எழுத்து விழுந்தால், அது விரல் உரசுவது. அதற்கு ஸ்ப்ரிங் பாதி மருந்துதான், கீகேப்பின் வடிவமும் கையின் கோணமும் மீதிப் பாதி. அழுத்திய எழுத்தே இரண்டாக விழுந்தால், அது ஸ்விட்சின் கோளாறு. ஸ்ப்ரிங்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இரண்டாவது வேலை: எழுத்து எத்தனை கிராமில் விழுகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய 7.7 கிராம். ஒரு விசையின் மேல் ஒவ்வொன்றாக, மெதுவாக வையுங்கள்.

கோபி ஆவண எழுத்தர் | 8 ஜனவரி, காலை 7.15

பீளமேட்டுத் தம்பி சொன்னபடி செய்தேன். இரண்டு நிமிடத்தில் ஃ நான்கு முறையும், ப ஆறு முறையும், ம ஏழு முறையும், உ மூன்று முறையும் விழுந்தன. வேறு எழுத்து ஒன்றும் இல்லை. ஆகவே இது விரல் பாரம்தான். ம மீது இருப்பது என் வலது நடு விரல். அதுதான் பெரிய குற்றவாளி.

நாணயச் சோதனையில் ஒரு தடை வந்தது. பத்து ரூபாய் நாணயம் அகலமானது. விசையின் மேல் வைத்தால் ஓரம் பக்கத்து விசைகளில் முட்டி, பாரத்தை அவையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முதல் முறை ஒன்பது நாணயம் வைத்தும் எழுத்து விழாததைக் கண்டு, என் விசைப்பலகை 70 கிராம் என்று மகிழ்ந்துவிட்டேன். பிறகு ரப்பர் அழிப்பானில் ஒரு கிராம் அளவுக்குச் சிறு துண்டு வெட்டி, அதை விசையின் நடுவில் நிறுத்தி, அதன் மேல் நாணயங்களை அடுக்கினேன். ஐந்து வரை நின்றது. ஆறாவதில் எழுத்து விழுந்தது. அதாவது 39 கிராமில் விழவில்லை, 47 கிராமில் விழுகிறது. அட்டையில் போட்ட 45 உண்மைதான்.

சில காலம் முன்பு எங்கள் ஊர்க் கடைகளில் இந்த நாணயத்தை வாங்கவே மாட்டார்கள். வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தது இப்போது உதவிற்று.

பீளமேடு ஸ்ப்ரிங் | 8 ஜனவரி, பகல் 1.20

தம்பி அல்ல, தங்கை.

இனி உங்கள் விரலை அளக்க வேண்டும். நகைத் தராசு கிடைத்தால், அதை விசைப்பலகையின் உயரத்துக்கே வைத்து, ஒவ்வொரு விரலாக அதன் மேல் ஓய்வாக வையுங்கள். மற்ற விரல்கள் விசைப்பலகை மீதே இருக்கட்டும். தராசைப் பார்த்துக்கொண்டே வைத்தால் கை தானாக இலேசாகிவிடும். எண்ணை வேறொருவர் படித்துச் சொல்லட்டும்.

பெருந்துறை மஞ்சள் மண்டி | 8 ஜனவரி, மாலை 6.05

எனக்கும் இதே சிக்கல். "மூட்டை" என்று அடித்தால் "மூட்டடை" என்று வருகிறது. ட மட்டும்தான். மூன்று மாதமாக இப்படி. கனமான ஸ்ப்ரிங் மாற்றினால் சரியாகுமா? ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் ஸ்ப்ரிங் கிடைக்குமா?

பீளமேடு ஸ்ப்ரிங் | 8 ஜனவரி, இரவு 8.40

மண்டி அண்ணாவுக்கு: உங்களுடையது வேறு சிக்கல். நீங்கள் அழுத்தியதே இரண்டாகப் பதிவாகிறது. உள்ளே இருக்கும் செப்புத் தகடு தொட்டு, அதிர்ந்து, மறுபடி தொடுகிறது. ஸ்ப்ரிங் மாற்றினால் பணம்தான் போகும். உங்கள் பலகையில் ஸ்விட்சைப் பிடுங்கி மாற்ற முடியும் என்றால், ட ஸ்விட்சையும் அதிகம் பயன்படாத வேறொரு ஸ்விட்சையும் இடம் மாற்றிப் போடுங்கள். நோய் ஸ்விட்சோடு போனால் ஸ்விட்ச் கெட்டது. ட இடத்திலேயே நின்றால் பலகை கெட்டது. QMK மென்பொருள் ஓடும் பலகையாக இருந்தால், தொடர்பு அடங்கக் காத்திருக்கும் நேரத்தை 5 மில்லி விநாடியிலிருந்து உயர்த்தியும் பார்க்கலாம்:

```c
#define DEBOUNCE 10
```

கோபி ஆவண எழுத்தர் | 10 ஜனவரி, இரவு 10.00

எங்கள் வரிசையிலேயே நகைக் கடை வைத்திருப்பவரிடம் தராசு கேட்டேன். "ஏனுங்க, வெரலையே அடமானம் வெக்கறீங்களா?" என்றார். அவர் பையன் எண்களைப் படித்துக் குறித்தான்.

வலது கை, ஓய்வு நிலை: ஆள்காட்டி விரல் 38, நடு விரல் 41, மோதிர விரல் 33, சுண்டு விரல் 21. இது சும்மா வைத்திருக்கும்போது. பத்திரத்தைக் குனிந்து படிக்கும்போது நடு விரல் 52 வரை ஏறி இறங்கியது. அந்தப் பையன் தன் விரலை வைத்தபோது 16 கிராம் காட்டியது. எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று புரியவில்லை. 41 என்பது 45ஐ விடக் குறைவு. அப்படியானால் சும்மா வைத்திருக்கும் நேரத்தில்கூட எழுத்து ஏன் அவ்வளவு எளிதில் விழுகிறது?

பீளமேடு ஸ்ப்ரிங் | 11 ஜனவரி, காலை 6.30

உங்கள் கேள்வியின் மையமே அதுதான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

லீனியர் ஸ்விட்சில் எடை ஒரே எண் அல்ல. விசை அசையத் தொடங்குவதற்கே ஓர் எடை வேண்டும். எழுத்து விழும் இடத்தில் ஓர் எடை. அடி தட்டும் இடத்தில் இன்னோர் எடை. உங்கள் சிவப்பு ஸ்விட்சில் இவை தோராயமாக 30, 45, 60. எழுத்து விழுவது 2 மி.மீ. ஆழத்தில், அடி 4 மி.மீ. ஆழத்தில். ஆகவே ஒவ்வொரு மி.மீ. இறங்கவும் ஏழரை கிராம் கூடுதலாக வேண்டும்.

இப்போது உங்கள் 41 கிராம் நடு விரலை அதன் மேல் வைப்போம். முதல் 30 கிராம் விசையை அசையத் தயாராக்குகிறது. மீதி 11 கிராம் அதை ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. கீழே இறக்கிவிடுகிறது. நீங்கள் தட்டாமல் இருக்கும்போதே நான்கில் மூன்று பங்கு பயணம் முடிந்துவிட்டது. எழுத்து விழ இன்னும் அரை மி.மீ.யும் 4 கிராமும்தான் தேவை. இருமினாலே விழும்.

ரப்பர் பலகையில் இது நடக்காததற்குக் காரணம், அங்கே குவிந்த ரப்பர் மடங்குவதற்கு முன்பே முழு எதிர்ப்பையும் காட்டிவிடுகிறது. அந்த மேட்டைத் தாண்டாத விரல் எழுத்தை நெருங்குவதே இல்லை. அதன் மேல் நீங்கள் கையை வைத்து உறங்கலாம்.

ஆகவே உங்களைப் போன்றவர் முதலில் பார்க்க வேண்டிய எண் எழுத்து விழும் எடைகூட அல்ல, தொடக்க எடை. அது உங்கள் ஓய்வுப் பாரத்துக்கு மேலே இருந்தால் விசை அசையாமல் நிற்கும். 1.2 மி.மீ.யிலேயே எழுத்து விழும் "ஸ்பீடு" வகைகளைக் கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் | 11 ஜனவரி, காலை 9.15

இத்தனை கணக்குப் போட்ட பிறகும் விடை "கனமான ஸ்விட்ச்" தானே? நான் ஒரு வரியில் சொன்னேன்.

கோபி ஆவண எழுத்தர் | 11 ஜனவரி, இரவு 9.30

ஒரு சிறு திருத்தம், என் சொற்களைப் பற்றி. தமிழில் கீயும் விசை, அதை அழுத்தும் சக்தியும் விசை. "விசைக்கு எவ்வளவு விசை" என்று முதலில் எழுதி, எனக்கே குழம்பி அழித்தேன். இனி இந்த இழையில் விசை என்றால் கீ மட்டும்; மற்றதை எடை என்றே எழுதுகிறேன்.

முழுப் பலகையையும் மாற்றாமல் ஸ்ப்ரிங் மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். என் பலகையில் ஸ்விட்சுகளைப் பிடுங்க முடியும். 65 கிராம் ஸ்ப்ரிங் நூறு கொண்ட பை ஒன்று வரவழைக்கிறேன். 45 இருந்த இடத்தில் 65 என்றால் 20 கிராம் லாபம்.

பீளமேடு ஸ்ப்ரிங் | 11 ஜனவரி, இரவு 11.50

நிறுத்துங்கள், ஐயா. அந்த 65 எந்த இடத்து எடை என்று பையில் போட்டிருக்கிறதா? ஸ்விட்ச் தயாரிப்பவர்கள் எழுத்து விழும் எடையை எழுதுவார்கள். தனியாக ஸ்ப்ரிங் விற்பவர்கள் பெரும்பாலும் அடி தட்டும் எடையை எழுதுவார்கள்.

கோபி ஆவண எழுத்தர் | 12 ஜனவரி, காலை 7.00

நேற்றிரவே பணம் கட்டிவிட்டேன்.

கோபி ஆவண எழுத்தர் | 19 ஜனவரி, இரவு 10.20

பொங்கல் விடுமுறையில் வேலை முடிந்தது. அறுபத்தெட்டு ஸ்விட்சையும் பிடுங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய ஸ்ப்ரிங்கை எடுத்துப் புதியதைப் போட்டு மூட இரண்டு மாலைகள் ஆயின. மாட்டுப் பொங்கலன்று சம்பந்தி வீட்டார் வந்தபோது நான் திண்ணையில் ஸ்ப்ரிங்குகளை எண்ணெயில் குலுக்கிக்கொண்டிருந்தேன். எண்ணெய் போடாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஸ்ப்ரிங் வீணைக் கம்பி போல் ரீங்காரமிடும் என்று படித்ததை, கொஞ்சம் மிகையாகவே நம்பிவிட்டேன். திரும்பச் செருகும்போது மூன்று ஸ்விட்சுகளின் ஊசிக்கால் மடங்கிப்போயிற்று. இரண்டை நிமிர்த்திவிட்டேன், ஒன்று ஒடிந்தது.

பலன்: நாணயச் சோதனையில் ஆறு நின்றது, ஏழாவதில் எழுத்து விழுந்தது. 47க்கும் 55க்கும் நடுவே எங்கோ. நான் எதிர்பார்த்த 65 அல்ல. தங்கை சொன்னதே சரி.

மாற்றுவதற்கு முன் ஒரு நாள் முழுவதும் வேண்டாத எழுத்துகளை எண்ணியிருந்தேன்: 31. மாற்றிய பிறகு, ஏறக்குறைய அதே வேலைக்கு 17. குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

பீளமேடு ஸ்ப்ரிங் | 20 ஜனவரி, காலை 6.45

65 என்று விற்கும் சாதாரண நீள ஸ்ப்ரிங் தொடக்கத்தில் 33 அளவிலும், எழுத்து விழும் இடத்தில் 49 அளவிலும் இருக்கும். உங்கள் 41 கிராம் விரல் அதை இன்னும் ஒரு மி.மீ. இறக்கும். முன்பு அரை மி.மீ. இடைவெளி இருந்தது, இப்போது ஒரு மி.மீ. உங்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது கணக்கோடு ஒத்துப்போகிறது, வியப்பில்லை.

அடுத்த முறை எல்லா விசைக்கும் போடாதீர்கள். ஓய்வு வரிசையின் எட்டு விசைகளுக்கு மட்டும் போட்டு ஒரு வாரம் வேலை செய்யுங்கள். தப்பாகப் போனால் எட்டைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

பொள்ளாச்சி விடுதி | 20 ஜனவரி, இரவு 11.10

காந்த ஸ்விட்ச் பலகை வாங்கிவிட்டால் எழுத்து விழும் ஆழத்தை மென்பொருளிலேயே மாற்றிக்கொள்ளலாமே, அண்ணா? நான் விளையாட்டுக்கு 0.4 மி.மீ.யில் வைத்திருக்கிறேன். நீங்கள் 3 மி.மீ.க்கு இறக்கிவிட்டால் விரல் வைத்தாலும் விழாது.

பீளமேடு ஸ்ப்ரிங் | 21 ஜனவரி, காலை 7.00

ஆழத்தை மாற்றலாம் என்பது சரி. ஆனால் அந்தப் பலகைகளில் ஸ்ப்ரிங் பெரும்பாலும் இலேசாகவே வருகிறது, விளையாட்டுக்காரர்களுக்குச் செய்தது. தொடக்கம் 30, அடி 50 என்று இருந்தால் கோபி ஐயாவின் விரல் அதில் 2 மி.மீ.க்கும் மேலே இறங்கியே நிற்கும். 3 மி.மீ.யில் வைத்தால், விரல் சும்மா இருக்கும்போது எழுத்து விழாதுதான். ஆனால் நடு விரல் விசை எப்போதும் பாதி மூழ்கிய நிலையில் இருக்கும். அவர் அதைப் பொறுத்துக்கொள்வாரா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

கோபி ஆவண எழுத்தர் | 21 ஜனவரி, இரவு 9.00

பொறுத்துக்கொள்ள மாட்டேன். ஏற்கெனவே சேற்றில் கால் வைத்தது போல்தான் இருக்கிறது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் | 22 ஜனவரி, மாலை 5.30

என் பழைய பச்சை ஸ்விட்சுகள் பத்து சும்மா கிடக்கின்றன. அடுத்த வாரம் கோபி வழியாகத்தான் வருகிறேன், தந்துவிட்டுப் போகிறேன். போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

கோபி ஆவண எழுத்தர் | 2 பிப்ரவரி, இரவு 10.40

திருப்பூர் நண்பர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எட்டு ஓய்வு விசைகளிலும் பச்சை போட்டேன். வேண்டாத எழுத்து அடுத்த நாள் பூஜ்யம். உண்மையிலேயே பூஜ்யம்.

மூன்றாம் நாள் மாலை வலது சுண்டு விரலின் அடிமூட்டில் வலி தொடங்கியது. அதைவிட முக்கியமான ஒன்றைச் சரிபார்க்கும்போது கண்டேன்: ந பல இடங்களில் விடுபட்டிருந்தது. தமிழ்99இல் ந வலது சுண்டு விரலின் ஓய்வு விசை. 21 கிராம் பாரமே தரும் அந்த விரலுக்கு 80 கிராம் கொடுத்தால், சோர்ந்த நேரத்தில் அது பாதியிலேயே திரும்பிவிடுகிறது. "நஞ்சை" என்று தட்டியது "ஞ்சை" என்று நின்றது. அது கண்ணில் பட்டது. ஆனால் இரண்டு இடங்களில் பட்டிருக்கவில்லை. என் மகள்தான் படித்துக் கண்டுபிடித்தாள். கூடுதலாக விழுந்த எழுத்தை நான் ஓரளவு பார்த்துவிடுகிறேன். விடுபட்ட எழுத்தை மனமே நிரப்பிப் படித்துவிடுகிறது. எண் வரிசையிலும் இந்தப் பச்சையைப் போட்டிருந்து, புல எண்ணில் ஓர் இலக்கம் விடுபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து, அன்றிரவே கழற்றிவிட்டேன்.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் | 3 பிப்ரவரி, காலை 10.00

நான் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மின்னஞ்சல்தான் அடிக்கிறேன், அதுவும் ஆங்கிலத்தில். நீங்கள் நாள் முழுவதும் அடிப்பவர் என்பதை யோசிக்கவில்லை. ஆனால் எழுத்து விழுவது நின்றதா இல்லையா? அது மட்டும் சொல்லுங்கள்.

கோபி ஆவண எழுத்தர் | 3 பிப்ரவரி, பகல் 2.10

நின்றது. ஒப்புக்கொள்கிறேன்.

தங்கைக்கு ஒரு கேள்வி. "புரோகிரசிவ்" என்று ஒரு வகை ஸ்ப்ரிங் விற்கிறார்கள். தொடக்கத்தில் இலேசாகவும், போகப்போகக் கனமாகவும் இருக்குமாம். கை கனமானவருக்கு ஏற்றது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பீளமேடு ஸ்ப்ரிங் | 4 பிப்ரவரி, காலை 6.20

கை கனம் என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு பழக்கங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, தட்டும்போது அடி வரை ஓங்கி இடிப்பது. மற்றொன்று, தட்டாதபோது பாரத்தை இறக்கி வைப்பது. புரோகிரசிவ் ஸ்ப்ரிங் முதலாவதற்கு மெத்தை போல, கடைசி மி.மீ.யில் எடை ஏறி விரல் மூட்டைக் காக்கும். இரண்டாவதற்கு அது தீங்கு, ஏனென்றால் உங்களுக்கு எடை வேண்டிய தொடக்கத்தில்தான் அது இலேசாக இருக்கிறது.

உங்களுக்கு அதன் நேர்மாறு வேண்டும்: நீளமான ஸ்ப்ரிங், 20 மி.மீ.க்கு மேல். சாதாரண ஸ்ப்ரிங் 15 மி.மீ. அளவில் இருக்கும். நீளமானதை அதே ஸ்விட்சுக்குள் அடைக்கும்போது அது ஏற்கெனவே நன்றாக அமுங்கிய நிலையில் இருப்பதால், தொடக்க எடை உயர்ந்து, பிறகு ஏற்றம் மெதுவாக இருக்கும். என்னிடம் இருக்கும் ஒரு வகையை அளந்து பார்த்தேன்: தொடக்கம் 48, எழுத்து விழும் இடத்தில் 57, அடியில் 66. உங்கள் 41 கிராம் விரலுக்கு அது அசையவே அசையாது. படிக்கும்போது 52க்கு ஏறினாலும் ஒரு மி.மீ.க்குள்தான் இறங்கும். அடி தட்டும் எடையோ, நீங்கள் வாங்கிய 65ஐப் போலத்தான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றம் மெதுவானது என்பதால், விசை ஒருமுறை அசைந்துவிட்டால் எழுத்து விழ 9 கிராம் போதும். 40இல் தொடங்கி 60இல் எழுத்து விழும் கறுப்பு ஸ்விட்சில் அதற்கு 20 கிராம் வேண்டும். பாரம் ஒரே சீராக இருக்கும் கைக்கு நீள ஸ்ப்ரிங். பாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் கைக்குக் கறுப்பு. உங்கள் கை எந்த வகை என்பதில் எனக்கே உறுதி இல்லை. 41, 52 இரண்டையும் வைத்துப் பார்த்தால் நடுவில் நிற்கிறீர்கள். பன்னிரண்டு ஸ்ப்ரிங் அஞ்சலில் அனுப்புகிறேன்.

பெருந்துறை மஞ்சள் மண்டி | 5 பிப்ரவரி, மாலை 6.30

இடம் மாற்றிப் போட்டேன். இப்போது ட சரியாக விழுகிறது. F12 இரண்டு முறை விழுகிறது. F12 எனக்கு எதற்கும் வேண்டாம். அப்படியே விட்டுவிட்டேன்.

கோபி ஆவண எழுத்தர் | 16 பிப்ரவரி, இரவு 9.50

நீள ஸ்ப்ரிங் ஆறு விசைகளில் இருக்கிறது: இரு கைகளின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களின் ஓய்வு விசைகள். இரு சுண்டு விரல்களுக்கும், மேல் கீழ் வரிசைகளுக்கும், எண் வரிசைக்கும் பழைய 65ஐயே விட்டுவிட்டேன். நாணயம் ஏழு நிற்கிறது, எட்டாவதில் விழுகிறது.

வேண்டாத எழுத்துகள்: முதல் நாள் 6, பிறகு 4, 3, 5, 3. விடுபட்ட எழுத்து என்று எதையும் மகள் கண்டுபிடிக்கவில்லை. விரல் விசையின் மேல் நிற்கிறது, மூழ்கவில்லை. இரும்பு இயந்திரத்தின் ஞாபகம் சற்றே வந்தது.

மிச்சம் விழுபவற்றைக் கவனித்தேன். பெரும்பாலும் ம, எல்லாமே நான் பக்கவாட்டில் வைத்த மூலப் பத்திரத்தைக் குனிந்து படிக்கும் நேரத்தில்.

பீளமேடு ஸ்ப்ரிங் | 17 பிப்ரவரி, காலை 6.40

உங்கள் மேசை எவ்வளவு உயரம்? முழங்கை எங்கே இருக்கிறது?

கோபி ஆவண எழுத்தர் | 17 பிப்ரவரி, இரவு 10.15

மேசை என் தகப்பனார் காலத்தது. நின்றுகொண்டு கையெழுத்துப் போடுபவர்களுக்காகச் செய்தது போல உயரம். நாற்காலி பிளாஸ்டிக். முழங்கை மேசைக்குக் கீழே தொங்குகிறது. அதாவது முன்கையின் பாரம் முழுவதும் மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் இறங்குகிறது. இதை எழுதும்போதே விடை தெரிந்துவிட்டது.

கோணிப்பையை நான்காக மடித்து நாற்காலியில் போட்டு, முழங்கையை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, நகைக் கடைத் தராசை மறுபடி வாங்கி அளந்தேன். நடு விரல்: 41 இருந்த இடத்தில் 29. படிக்கும்போது 36. ஒரு ரூபாய் செலவில்லை. முதல் நாளே இதைச் செய்திருந்தால் பழைய சிவப்பு ஸ்விட்சிலேயே தப்பித்திருப்பேனோ என்று தோன்றுகிறது.

பீளமேடு ஸ்ப்ரிங் | 18 பிப்ரவரி, காலை 6.35

தப்பித்திருக்க மாட்டீர்கள். 36 கிராம் சிவப்பு ஸ்விட்சை முக்கால் மி.மீ.க்கு மேல் இறக்கும். ஆனால் 31 எழுத்து விழுந்திருக்காது. உயரத்தை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது.

திருப்பூர் மெர்ச்சண்டைசர் | 18 பிப்ரவரி, காலை 11.00

கோணிப்பை எத்தனை கிராம்?

கோபி ஆவண எழுத்தர் | 9 மார்ச், இரவு 9.20

மூன்று வாரக் கணக்கு. கோணிப்பை மேல் நான் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் முற்பகலில் பூஜ்யம் அல்லது ஒன்று. உணவுக்குப் பிறகு முதுகு சரிந்து முழங்கை இறங்கிவிடும்; அப்போது இரண்டு மூன்று. ஸ்ப்ரிங் இல்லாவிட்டால் பிற்பகல் முழுவதும் பழைய கதையாகியிருக்கும். ஆகவே இரண்டும் இருக்கட்டும்.

இத்தனை நாள் நான் எண்ணாமல் விட்ட ஒன்று இருக்கிறது: ஸ்பேஸ் பார். கட்டை விரலை நான் அளக்கவே இல்லை. வேண்டாத இடைவெளி எழுத்துப்போல் கண்ணில் படாது. சொற்களுக்கு நடுவே இரட்டை இடைவெளியாக ஒளிந்துகொள்கிறது. நேற்று ஒரு பழைய கோப்பில் இரட்டை இடைவெளியைத் தேடச் சொன்னேன். நான்கு பக்கப் பத்திரத்தில் இருபத்திரண்டு. தராசில் கட்டை விரல் 63 கிராம் காட்டியது. நகைக் கடைப் பையன் இரண்டு முறை படித்துச் சொன்னான்.

நீள ஸ்ப்ரிங்கிலும் 57இல் எழுத்து விழுந்துவிடும். திருப்பூர் நண்பரின் பச்சை ஸ்விட்சுகள் என்னிடமே இருக்கின்றன. கட்டை விரல் அதைத் தாங்கும் என்று நினைக்கிறேன். ஒன்றை எடுத்து ஸ்பேஸ் பாரின் அடியில் போட்டிருக்கிறேன். மற்ற ஒன்பதையும் அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளவும்.